பத்து வயதில் பொன்னாடை, ஒன்றரை வயதில் பூஞ்சணம்

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் முடிவு வந்த கையோடு நெல்லியடிச் சந்தியில் பிள்ளைகள் தொங்கத் தொடங்குவார்கள். பதாகையில்தான். 200க்கு இத்தனை எடுத்தவன், அத்தனை எடுத்தவள், வெட்டுப்புள்ளியை ஒரு புள்ளியால் தாண்டியவன் என்று தரம் பிரித்துத் தொங்குவார்கள். ஒவ்வொரு முகத்துக்குக் கீழும் ஒரு ரியூட்டரியின் பெயர். சில முகங்கள் மூன்று ரியூட்டரிகளின் பதாகையில் சிரிக்கின்றன. மூன்றும் தாங்களே பெற்று வளர்த்ததுபோல உரிமை கொண்டாடுகின்றன. பெற்ற தாயின் படம் மட்டும் எதிலும் கிடையாது.

அடுத்தது பாராட்டு விழா. மண்டபம், மைக், குத்துவிளக்கு. கனடாவில் இருந்து காசு அனுப்பியவரின் பெயரைச் சொல்லி மூன்று தடவை நன்றி. பிரதம விருந்தினர் ஒன்றரை மணித்தியாலம் பிந்தி வந்து, பிந்தியதற்குக் காரணமாக இனப்பிரச்சினையைச் சொல்லி, பத்து வயதுப் பிள்ளைக்குப் பொன்னாடை போர்த்துகிறார். பொன்னாடை முழங்கால் வரை மூடுகிறது. படம் எடுக்கிறார்கள். பிள்ளை பசியோடு நிற்கிறது.

படம் எடுப்பதற்காக உயரமான பிள்ளைகளைப் பின்வரிசைக்கு அனுப்பும்போதுதான் சபையில் இருக்கும் தாய்மாருக்கு அந்தச் சந்தேகம் வருகிறது. "உயந்த பிள்ளையள்தான் கெட்டிக்காரரா வருகுதுகள் போல கிடக்கு. எங்கட சின்னவன் வளரவே இல்லை." அன்று பின்னேரமே கடையில் ஒரு பெரிய போத்தல் சத்துமா பானம் விலைப்படும். வீட்டுச் சுவரில் பென்சில் கோடு விழும். பிள்ளை தொங்கிப் பழக ஒரு கம்பியும் வரும்.

இந்தச் சந்தேகம் முழுப் பொய்யென்றால் சிரித்துவிட்டுப் போகலாம். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கொஞ்ச உண்மையை வைத்து வியாபாரம் செய்வது முழுப் பொய்யை வைத்துச் செய்வதை விடச் சுலபம் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துப் பேசவேண்டியிருக்கிறது.

2008இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் ஆன் கேஸ், கிறிஸ்டினா பாக்ஸன் இருவரும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். உயரமானவர்களுக்குச் சம்பளம் ஏன் கூட என்பது அவர்களுடைய கேள்வி. முதலாளிமாருக்கு உயரமான ஆளைக் கண்டால் மரியாதை, அதனால்தான் என்று அதுவரை பலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் 1958இலும் 1970இலும் பிரிட்டனில் பிறந்து, பிறந்த நாளில் இருந்தே பின்தொடரப்பட்ட ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் பதிவுகளைப் புரட்டினார்கள். வேறு தரவுகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். மூன்று வயதிலேயே, பள்ளிக்கூட வாசலை மிதிக்க முன்னரே, உயரமான பிள்ளைகள் சிந்தனைச் சோதனைகளில் சராசரியாகச் சற்றுக் கூடுதலாக எடுத்திருந்தார்கள். பெரியவர்களான பிறகு வந்த சம்பள வித்தியாசத்தின் பெரும்பகுதி அந்தச் சிறுவயதுப் புள்ளிகளுக்குள்ளேயே அடங்கிவிட்டது.

'சராசரியாக', 'சற்று' ஆகிய இரண்டையும் ரியூட்டரிக்காரர் விழுங்கிவிடுவார்கள். நாங்கள் விழுங்கக்கூடாது. உயரத்துக்கும் சோதனைப் புள்ளிக்கும் உள்ள தொடர்பைப் புள்ளிவிபரக்காரர் மறை ஒன்றில் இருந்து நேர் ஒன்று வரையான ஒரு எண்ணால் அளப்பார்கள். வசதியான நாடுகளில் அது பெரும்பாலும் 0.1க்கும் 0.2க்கும் இடையில் நிற்கும். 0.2 என்றே வைத்துக்கொள்வோம். ஒரே வயதுப் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக நூறு சோடி நிறுத்தினால், உயரமான பிள்ளை கூடப் புள்ளி எடுக்கும் சோடிகள் ஏறக்குறைய 56. குட்டையான பிள்ளை வெல்லும் சோடிகள் 44. நாணயம் சுண்டினாலே 50 வரும். அந்த ஆறு சோடிக்காகத்தான் சுவரெல்லாம் பென்சில் கோடு.

அந்த ஆறிலும் கலப்படம் உண்டு. எங்களுடைய முதலாம் வகுப்பில் ஜனவரி 31ஆம் திகதியோடு ஐந்து வயது நிரம்பிய பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். ஆகவே ஒரே வகுப்பில் பெப்ரவரியில் பிறந்த பிள்ளையும் அடுத்த ஜனவரியில் பிறந்த பிள்ளையும் பக்கத்துப் பக்கத்து வாங்கில் இருக்கும். இடைவெளி பதினொரு மாதம். பத்து வயதில் பதினொரு மாதம் என்றால் ஐந்து சென்ரிமீற்றர் அளவில் கூட உயரம். பதினொரு மாதம் கூட வாழ்ந்த மூளை. அந்தப் பிள்ளை உயரமாகவும் இருக்கும், கூடப் புள்ளியும் எடுக்கும். பெப்ரவரியில் பிறந்ததற்குத்தான் அந்தப் பொன்னாடை. ஒழுங்கான ஆய்வுகளில் இந்த மாதக் கணக்கைக் கழித்துவிட்டுத்தான் பார்ப்பார்கள். பாராட்டு விழாவில் எவரும் எதையும் கழிப்பதில்லை. கூட்டல் மட்டும்தான்.

இன்னொரு காரணம் புரோக்கர்மாரின் கைப்பையில் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக் கல்யாணப் பேச்சைக் கேட்டவர்களுக்குத் தெரியும். பெடியன் டொக்டராக வேண்டும், ஐந்தடி எட்டு அங்குலமாவது வேண்டும். பெட்டை பட்டதாரி வேண்டும், கட்டையாக இருக்கக்கூடாது. சாதகப் பொருத்தத்துக்கு முன்னரே அடிமட்டப் பொருத்தம் பார்க்கிறோம். இப்படித் தலைமுறை தலைமுறையாக உயரத்தையும் படிப்பையும் சோடி சேர்த்துக் கட்டி வைத்தால், உயரத்துக்கான பரம்பரைக் கூறும் படிப்புக்குச் சாதகமான கூறும் ஒரே வீட்டில் வந்து குவியத்தானே செய்யும்? யாழ்ப்பாணத்தான் மட்டும் இப்படியில்லை. இரட்டைப் பிள்ளைகளையும் அவர்களுடைய குடும்பங்களையும் வைத்து 2013இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வு, உயரத்துக்கும் அறிவுச் சோதனைக்கும் இடையிலான மரபணுத் தொடர்பில் கணிசமான பங்கு இந்த ஆள் பார்த்துக் கட்டும் பழக்கத்தால் வருவது என்று கண்டது. உலகம் முழுக்கப் புரோக்கர் இருக்கிறார். எங்களிடம் கமிஷன் வாங்குகிறார், அவ்வளவே.

இதைப் பரிசோதிக்க ஒரு வழி உண்டு. ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த சகோதரர்களை ஒப்பிட்டுப் பார்ப்பது. வீடு ஒன்று, அடுப்பு ஒன்று, வருமானம் ஒன்று. அப்படிப் பார்க்கும்போது உயரமான அண்ணனுக்கும் குட்டையான தம்பிக்கும் இடையில் அந்தத் தொடர்பு நன்றாக மெலிந்துவிடுகிறது. அதாவது தொடர்பின் பெரும்பங்கு பிள்ளையின் எலும்புக்குள் இல்லை. வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையில் இருக்கிறது.

வடமராட்சியின் செம்மண் தோட்டக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரே கிணற்றில் இருந்து வெங்காயப் பாத்திக்கும் மிளகாய்ப் பாத்திக்கும் தண்ணீர் போகிறது. கிணறு நல்லதென்றால் இரண்டும் செழிக்கும். மெஷின் நின்றால் இரண்டும் வாடும். வெங்காயம் வளர்ந்ததால்தான் மிளகாய் காய்த்தது என்று சொல்கிறவனைத் தோட்டத்துக்குள் விடமாட்டார்கள். ஆனால் மேடையில் ஏற்றுவார்கள்.

அந்தக் கிணறு எது? கருவில் இருந்து இரண்டாவது பிறந்தநாள் வரையான ஏறக்குறைய ஆயிரம் நாட்கள். பிறக்கும்போது 50 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும் பிள்ளை முதல் வருடத்தில் மட்டும் 25 சென்ரிமீற்றர் வளரும். அந்த வேகம் பிறகு ஒருநாளும் திரும்பாது. இரண்டு வயதில் மூளை பெரியவர்களின் மூளையில் ஐந்தில் நான்கு பங்கு பருமனை எட்டிவிடும். பச்சைப் பிள்ளை ஓய்வாகக் கிடக்கும்போது உடம்பு எரிக்கும் சக்தியில் பாதிக்கு மேல் மூளைக்கே போகிறது. இந்த வேளையில் சாப்பாட்டில் புரதமும் இரும்பும் குறைந்தால், அடிக்கடி வயிற்றோட்டம் வந்து தின்றதெல்லாம் குடலில் ஒட்டாமல் போனால், உடம்பு சிக்கனம் பிடிக்கும். முதலில் வெட்டுவது எலும்பின் வளர்ச்சியை. கூடவே பிள்ளை சோர்கிறது. தவழ்ந்து போய் எதையும் இழுத்து விழுத்தாது, கேள்வியாகப் பார்க்காது, மூலையில் இருக்கும். "நல்ல அமைதியான பிள்ளை" என்று வந்தவர் போனவரெல்லாம் மெச்சுவார்கள். அமைதியான பிள்ளையோடு வீட்டாரும் கதைப்பது குறைவு. உடம்பு பட்டினி, பேச்சும் பட்டினி. அங்கே பறிபோனதைத்தான் பத்து வயதில் அளந்து வெட்டுப்புள்ளி போடுகிறோம்.

இதனால்தான் எல்லாக் குட்டையும் ஒரே குட்டையில்லை. அமெரிக்காவில் ஒரு பிள்ளை குட்டை என்றால் பெரும்பாலும் தாய் தகப்பன் குட்டை, கதை முடிந்தது. பசியும் அழுக்குத் தண்ணீரும் உள்ள இடத்தில் குட்டையாக இருப்பது வேறு கதை. டீன் ஸ்பியர்ஸ் என்ற பொருளியலாளர் 2005இல் இந்தியா முழுவதும் எடுக்கப்பட்ட ஒரு பெரிய குடும்ப ஆய்வில் 8 முதல் 11 வயதுப் பிள்ளைகளின் உயரத்தையும் வாசிப்பு, கணக்குத் திறனையும் ஒப்பிட்டார். அமெரிக்கப் பிள்ளைகளை விட இந்தியப் பிள்ளைகளிடம் அந்தத் தொடர்பு செங்குத்தாக இருந்தது. ஒரு சென்ரிமீற்றர் குறையும்போது அங்கே இழப்பது கூட. காரணம், அந்தச் சென்ரிமீற்றரைப் பரம்பரை எடுக்கவில்லை. நோயும் வறுமையும் எடுத்தன.

எங்கள் நாடு எங்கே நிற்கிறது? 2016ஆம் ஆண்டு சனத்தொகை, சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் 17.3 வீதம் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நுவரெலியாவில் மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில். நாங்கள் குடிக்கும் தேயிலையைப் பறிக்கிறவர்களின் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளும் அதே புலமைப்பரிசில் தாளைத்தான் எழுதுகின்றன. சம வாய்ப்பு என்று அதற்குப் பெயர்.

சாப்பாடு கொடுத்தால் உண்மையில் மாறுமா, அல்லது இதுவும் பேராசிரியர்மாரின் ஊகமா என்று கேட்கலாம். கேட்டிருக்கிறார்கள். விடை தெரிய முப்பது வருடம் காத்திருந்தார்கள். குவாத்தமாலா நாட்டில் நான்கு கிராமங்களைத் தேர்ந்து 1969 முதல் 1977 வரை ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு கிராமத்துக்கு 'அத்தோலே' என்ற கஞ்சி. தாவரப் புரத மா, பால்மா, சீனி சேர்ந்தது. ஒரு கோப்பையில் 163 கலோரி, பதினொரு கிராமுக்குச் சற்று மேல் புரதம். மற்ற இரண்டு கிராமத்துக்கு 'பிரெஸ்கோ' என்ற இனிப்புப் பானம். 59 கலோரி, புரதம் துளியும் இல்லை. இரண்டிலும் விற்றமினும் தாது உப்பும் சேர்த்திருந்தார்கள். ஊர்ச் சந்தியில் ஒரு கொட்டில், தினம் இரண்டு வேளை, விரும்பியவர் வந்து குடிக்கலாம். அவ்வளவுதான். ஸ்மார்ட் வகுப்பறை இல்லை, தொடுதிரை இல்லை, திறப்பு விழாக் கல்வெட்டும் இல்லை.

மூன்று வயதில் கஞ்சி குடித்த பிள்ளைகள் மற்றவர்களை விட ஏறக்குறைய இரண்டரை சென்ரிமீற்றர் உயர்ந்திருந்தார்கள். அது சின்ன விஷயம். 2002க்கும் 2004க்கும் இடையில், அந்தப் பிள்ளைகள் 25 முதல் 42 வயது வரையான பெரியவர்களான பிறகு, தேடிப் போய்ச் சோதித்தார்கள். சின்ன வயதில் கஞ்சி கிடைத்தவர்கள் வாசித்து விளங்குவதிலும், படங்களைப் பார்த்து ஒழுங்கைக் கண்டுபிடிக்கும் சோதனையிலும் முன்னே நின்றார்கள். முதல் இரண்டு வயதுக்குள் கஞ்சி குடித்த ஆண்களின் மணித்தியாலக் கூலி, குடிக்காதவர்களை விட 46 வீதம் கூட. மூன்று வயதுக்குப் பிறகு குடிக்கத் தொடங்கியவர்களிடமோ அந்த இலாபம் காணப்படவில்லை. அதே கஞ்சி, அதே கொட்டில். நேரம் பிந்திவிட்டது.

பிந்திக் கொடுத்த சாப்பாடு வீண் என்று இதற்கு அர்த்தம் எடுத்துவிடாதீர்கள். கருத்தரங்கில் யாராவது எடுப்பார்கள், அதுவும் தெரியும். பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் மத்தியானச் சாப்பாடு பிள்ளையை வகுப்புக்கு வரவைக்கும். பசித்த வயிற்றோடு கணக்குச் செய்யும் கொடுமையை நிறுத்தும். அதற்காகவே கொடுக்கவேண்டும். ஆனால் ஏழு வயதில் கொடுக்கும் பாற்சோறு ஒன்றரை வயதில் போன எலும்பை மீட்டுத் தராது. முன்னதைச் செய்துவிட்டோம் என்று காட்டிப் பின்னதைச் செய்யாமல் விடுவதுதான் எங்கள் அரசாங்கங்களுக்குக் கைவந்த கலை.

இனி 2022க்கு வருவோம். இந்த நாட்டில் 1973இல் இருந்து திரிபோஷா இருக்கிறது. சோளமும் சோயாவும் சேர்ந்த மா. கர்ப்பிணித் தாய்க்கு, பாலூட்டும் தாய்க்கு, நிறை குறைந்த பிள்ளைக்கு, கிளினிக்கில் மாதம் இரண்டு பைக்கற், ஒவ்வொன்றும் 750 கிராம். குவாத்தமாலாக் கொட்டிலில் கொடுத்ததற்கு எங்களுடைய பதில் அது. ஐம்பது வருடமாகக் கையில் இருக்கிற பதில். குறையும் உண்டு. ஒரு பிள்ளைக்குக் கொடுத்த பைக்கற் வீட்டுக்குப் போனால் தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்ந்து உருண்டையாகி அண்ணன், அக்கா, அப்பம்மா எல்லோருக்கும் பங்காகும். யாருக்குப் பசியில்லை? பங்கு போடாமல் இருக்க வேண்டுமென்றால் அந்த வீட்டில் மற்றவர்களுக்கும் சாப்பாடு இருக்கவேண்டும்.

2021இல் ஒரு ஜனாதிபதி ஒரே இரவில் நாட்டை இயற்கை விவசாயத்துக்கு மாற்றினார். இரசாயன உரம் தடை. ஆறு மாதத்தில் அவரே தடையை நீக்கினார். அதற்குள் சோளச் செய்கை படுத்துவிட்டது. டொலர் இல்லாததால் இறக்குமதியும் இல்லை. கிடைத்த சோளத்தில் அஃப்ளடொக்சின். ஈரமாகக் குவித்து வைத்த சோளத்தில் பிடிக்கும் பூஞ்சணத்தின் நஞ்சு அது. ஈரலில் புற்றுநோய் வரவைப்பது நிரூபணமானது. பிள்ளைகளின் வளர்ச்சியையும் மறிக்கிறது என்று ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். வளர்க்கக் கொடுக்கும் மாவில் வளர்ச்சியை மறிக்கும் பூஞ்சணம். இதைக் கற்பனை செய்து எழுதியிருந்தால் ஆசிரியர் மிகைப்படுத்தாதே என்று வெட்டியிருப்பார்.

2022இல் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சங்கத் தலைவர் இதைப் பகிரங்கமாகச் சொன்னார். அமைச்சர் மறுத்தார். சொன்னவரை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். சோளத்தை விசாரிப்பதை விட மனிசனை விசாரிப்பது சுகம். பிறகு நடந்ததைக் கவனியுங்கள். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான பிள்ளைகளுக்கு நஞ்சின் அளவு மிகக் குறைவாக இருக்கவேண்டும், அந்தத் தரத்தில் சோளம் இல்லை. ஆகவே அந்த வயதுப் பிள்ளைகளுக்கான திரிபோஷா நிறுத்தப்பட்டது. தாய்மாருக்கும் மூன்று வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கும் தொடர்ந்தது.

நஞ்சுள்ள மாவைக் கொடுக்காமல் விட்டது சரி. அதில் வாதமில்லை. பதிலுக்கு என்ன கொடுத்தார்கள்? குவாத்தமாலாவில் முப்பது வருடம் காத்திருந்து கண்டுபிடித்த வயதெல்லை மூன்று. அந்த எல்லைக்கு உள்ளே இருந்தவர்களை வெளியே தள்ளிவிட்டு, வெளியே இருந்தவர்களுக்குப் பரிமாறினோம். அதே 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். ஒகஸ்டில் முட்டைக்கு வெள்ளை 43 ரூபாய், சிவப்பு 45 ரூபாய் என்று வர்த்தமானியில் உச்ச விலை போட்டார்கள். வர்த்தமானி முட்டை இடவில்லை. பெற்றோல் வரிசையில் நின்ற குடும்பநல உத்தியோகத்தர் எந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போவார்? அந்த வருடம் ஒன்றரை வயதில் இருந்த பிள்ளை சில வருடத்தில் புலமைப்பரிசில் எழுதப்போகிறது. புள்ளி குறைந்தால் "பிள்ளைக்கு அக்கறை இல்லை" என்று ஆசிரியர் தேர்ச்சி அறிக்கையில் எழுதுவார்.

அரசாங்கத்தை மட்டும் அடித்துவிட்டு வீட்டுக்குள் ஒளிந்துகொள்ளவும் முடியாது. ஜமேக்காக் கதை விடாது.

1980களின் பிற்பகுதியில் கிங்ஸ்டன் நகரத்தின் வறிய பகுதிகளில் சாலி கிரந்தம்-மக்கிரெகர் என்ற மருத்துவரும் சகாக்களும், 9 முதல் 24 மாத வயதில் உயரம் குன்றிய 129 பிள்ளைகளை நான்காகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு வாரம் ஒரு கிலோ பால்மா உணவு. ஒரு பகுதிக்கு உணவு இல்லை, பதிலாக வாரம் ஒருமுறை ஒரு மணித்தியாலம் சுகாதாரத் தொண்டர் ஒருவர் வீட்டுக்கு வருவார். பிள்ளைக்குப் பாடம் நடத்த வருவதில்லை. பிள்ளையோடு எப்படி விளையாடுவது, எப்படிக் கதைப்பது என்று தாய்க்குக் காட்ட வருவார். விளையாட்டுப் பொருள் எல்லாம் வீட்டுக் குப்பையில் இருந்து செய்தவை: வெற்றுப் போத்தல், மட்டைப்பெட்டி. மூன்றாம் பகுதிக்கு இரண்டும். நான்காம் பகுதிக்கு எதுவுமில்லை. இரண்டு வருடம் நடந்தது.

முடியும்போது உணவும் உதவியது, விளையாட்டும் உதவியது, இரண்டும் கிடைத்தவர்கள் எல்லோரையும் விட முன்னே. பிறகுதான் கதை திரும்புகிறது. ஏழெட்டு வயதுக்குள் உணவு தந்த அனுகூலம் மங்கத் தொடங்கியது. விளையாட்டும் பேச்சும் தந்தது நின்றது. 22 வயதில் பார்த்தபோது, சின்ன வயதில் அந்த விளையாட்டுக் கிடைத்தவர்களின் வருமானம் கிடைக்காதவர்களை விட 25 வீதம் கூட என்று 2014இல் வெளியிட்டார்கள். கூட வளர்ந்த எலும்பு அந்தச் சம்பளத்தைக் கொண்டுவரவில்லை. தாய் மடியில் வைத்துக் கதைத்தது கொண்டுவந்தது.

வாரம் ஒரு மணித்தியாலம், இரண்டு வருடம். கூட்டினால் 104 மணித்தியாலம். எங்கள் நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டபிறகும் சனி ஞாயிறும் ரியூஷனில் வாரம் பத்து மணித்தியாலம் இருக்கிறது என்று குறைத்தே வைத்தாலும், பத்தரை வாரத்தில் 104 முடிந்துவிடும். அதே பிள்ளை ஒன்றரை வயதில் இருந்தபோது கையில் போனைக் கொடுத்து உட்காரவைத்துவிட்டுத்தான் தாய் சோறு ஊட்டினாள். அவளைக் குறை சொல்லவில்லை. அவளுக்கு உதவிக்கு ஆள் இல்லை. தகப்பன் வெளிநாட்டில், மாமி படுக்கையில், கடன்காரன் வாசலில். ஆனால் பத்து வயதில் வழிகாட்டி நூல் வாங்கக் கொடுக்கும் காசுக்கும் இருட்டில் ஸ்கூட்டியில் கொண்டுபோய் விடும் நேரத்துக்கும் எங்கிருந்தோ வழி பிறக்கிறது. ஒன்றரை வயதில் பிறப்பதில்லை.

அந்த இடைவெளிக்குள்தான் போத்தல்காரன் வந்து நிற்கிறான். உயரம், பலம், புத்திக் கூர்மை மூன்றையும் ஒரு கரண்டியில் தருவதாகச் சொன்ன ஹோர்லிக்ஸ் விளம்பரம் ஒன்றை 2008இல் பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு, ஆதாரம் போதாது என்று தடை செய்தது. தெற்காசியாவில் ஓடவேண்டிய விளம்பரம் அங்கே தவறுதலாக ஒளிபரப்பாகிவிட்டது என்று கம்பனி விளக்கம் சொன்னது. அந்த விளக்கத்தை இன்னொரு தடவை வாசியுங்கள். லண்டன் பிள்ளைக்குச் சொன்னால் குற்றம். எங்கள் பிள்ளைக்குச் சொன்னால் வியாபாரம்.

போத்தலுக்குப் பதில் முட்டை என்று எழுதி முடித்துவிடலாம் என்றால், முட்டையும் மந்திரம் இல்லை. எக்குவடோரில் ஆறு முதல் ஒன்பது மாதப் பிள்ளைகளுக்கு ஆறு மாதம் தினம் ஒரு முட்டை கொடுத்தபோது உயரக் குறைவு ஏறக்குறையப் பாதியானது. 2017இல் அதைக் கேட்டு உலகமே கோழியைத் தேடியது. மலாவியில் அதையே திரும்பச் செய்தபோது உயரத்தில் மாற்றமில்லை. அங்கே பிள்ளைகள் ஏற்கனவே ஏரி மீன் தின்றார்கள் என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. ஆக, இல்லாததைக் கொடுத்தால்தான் பலன். எங்கள் கடலில் சூடையும் நெத்தலியும் வருகின்றன, வேலியில் முருங்கை நிற்கிறது. சூடையைக் கோழித் தீனிக்கு அனுப்பிவிட்டு, பிள்ளைக்குப் பிஸ்கற்றைத் தேத்தண்ணியில் தோய்த்துக் கொடுக்கிறோம்.

சரி, எந்தப் பிள்ளைக்கு உதவி தேவை என்று எப்படித் தெரியும்? அடுத்த வீட்டுப் பிள்ளையோடு முதுகுக்கு முதுகு நிறுத்தி அல்ல. கிளினிக் கொப்பியில் வளர்ச்சிக் கோடு இருக்கிறது. இரண்டு வயதுப் பெண் பிள்ளையின் நடு உயரம் ஏறக்குறைய 86 சென்ரிமீற்றர். 79 சொச்சத்துக்குக் கீழே போனால் உயரம் குன்றியது என்று கணக்கு. இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையைப் பலகையில் படுக்கவைத்து, ஒருவர் தலையைப் பிடிக்க, மற்றவர் முழங்காலை மெல்ல அழுத்தி அளக்கவேண்டும். படுத்து அளந்தால் நின்று அளப்பதை விட முக்கால் சென்ரிமீற்றர் அளவில் கூட வரும். ஆள் பற்றாத இடத்தில் ஒருவரே அளந்து, பிள்ளை கத்தி உதைத்தால் ஒன்றரை சென்ரிமீற்றர் சுலபமாகப் பிழைக்கும். ஆகவே ஒரு நாள் அளவைப் பார்த்துத் தலையில் கைவைக்கத் தேவையில்லை. கோடு எப்படிப் போகிறது என்று பார்க்கவேண்டும். தாயும் தகப்பனும் கட்டை, பிள்ளை கீழ்க் கோட்டிலேயே நேராக ஏறுகிறது என்றால் பயமில்லை. நடுக்கோட்டில் போன பிள்ளை ஆறாம் மாதத்துக்குப் பிறகு கோடு கோடாகக் கீழே இறங்கினால்தான் வீட்டில் ஏதோ நடக்கிறது. அந்த இறக்கத்தைக் கண்டு யாரும் பதாகை அடிப்பதில்லை.

இதற்கெல்லாம் பொறுப்பான மாகாணச் சுகாதாரத்துக்கும் மாகாணக் கல்விக்கும் மேலே ஒரு மாகாண சபை இருந்தது. வடமாகாண சபையின் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்கு முன் இருந்த ஐந்து வருடத்தில் எத்தனை தீர்மானம் நிறைவேறியது என்று அவர்களுக்கே கணக்குத் தெரியும். பிள்ளையின் தட்டுக்கு எது வந்து சேர்ந்தது என்று கேட்டால் அதிகாரம் போதாது என்பார்கள். சத்துணவு பற்றிய கூட்டங்களுக்கு மட்டும் அதிகாரம் ஒருநாளும் போதாமல் போனதில்லை. மைக் இருக்கும், பவர்பொயின்ற் இருக்கும், இடைவேளையில் றோல்ஸும் சோடாவும் இருக்கும்.

புலம்பெயர்ந்தவர்களிடம் கேட்டுப் பார்த்தால் காசுக்குக் குறைவில்லை. வளைவு கட்டுகிறார்கள், மேடை கட்டுகிறார்கள், பழைய மாணவர் சங்கத்தின் பெயரில் மதில் கட்டுகிறார்கள். ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு முட்டை வாங்கிக் கொடுத்தால், வாரம் ஒரு மணித்தியாலம் தாயோடு இருக்க ஒரு பெண்ணுக்குச் சம்பளம் கொடுத்தால், பெயரை எங்கே வெட்டுவது என்பதுதான் அவர்களுக்குத் தடை. நியாயமான தடை. வழி ஒன்று சொல்கிறேன். முட்டைக் கோதில் அன்பளிப்புச் செய்தவரின் பெயரை அச்சடிப்போம். ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் என்று ஊரும் போடுவோம். நெல்லியடியில் திறப்பு விழா வைப்போம். பிரதம விருந்தினர் ஒன்றரை மணித்தியாலம் பிந்தியே வரட்டும். முதல் முட்டையை அவரே உடைக்கட்டும். படம் எடுத்து முடிந்ததும், தயவுசெய்து, அதைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள்.